75,000 ரூபாய் எங்கே இருந்தது?

போன வாரம் என் தங்கை வீட்டுக் கடன் கணக்கைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் போன் செய்துவிட்டீர்கள். "டீச்சர், நானும் பர்சனல் லோன் கட்டிக்கிட்டு இருக்கேன், முன்னாடியே முடிக்கலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், என்ன செய்வது!

தங்கையின் இடுப்பு ஆபரேஷனுக்காக அவள் மகன் 2023 ஜனவரியில் ஒரு நிதி நிறுவனத்தில் ஐந்து லட்சம் பர்சனல் லோன் வாங்கினான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். வட்டி வருடத்துக்கு 14 சதவீதம், அறுபது மாதம், மாதத் தவணை 11,634 ரூபாய். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இது எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது.

இந்த வருடம் ஜூலையில் எங்கள் அப்பா விட்டுப்போன புன்செய் நிலத்தை விற்றதில் தங்கையின் பங்காக இரண்டரை லட்சம் வந்தது. அதில் மகன் கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் 24,000 ரூபாயைக் கட்ட வேண்டும் என்பது அவள் கணக்கு. கடனை முடிக்க எவ்வளவு என்று எழுதிக் கேட்டதற்கு நிறுவனம் ஒரு ஃபோர்குளோசர் ஸ்டேட்மெண்ட் அனுப்பியது. ஜூலை 20க்குள் 2,34,086 ரூபாய் கட்டினால் கணக்கு முடியும் என்று இருந்தது. இரண்டரை லட்சத்தில் அதைக் கழித்தால் மிச்சம் 15,914. பீஸுக்குப் போதாது.

"பெரிம்மா, நான் ஜனவரியிலேயே 75,000 கட்டிட்டேனுங்க. அப்புறமும் இவ்வளவு ஏன் வருது?" என்று அவன் என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்தான்.

அந்தத் தாளில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். பாக்கி அசல் 2,93,067. ஜூலை 5ஆம் தேதி தவணைக்குப் பிறகு 20ஆம் தேதி வரை 15 நாள் வட்டி 1,686. ஃபோர்குளோசர் கட்டணம் அசலில் 4 சதவீதம், அதாவது 11,723. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,110. ஏப்ரல் மாதத் தவணை ஒருமுறை பவுன்ஸ் ஆனதற்கு 500. ஆக மொத்தம் 3,09,086. அதற்குக் கீழே 'எக்ஸஸ் அமவுண்ட்' என்று 75,000த்தைக் கழித்து, கட்ட வேண்டியது 2,34,086 என்று போட்டிருந்தார்கள்.

கூட்டல் கழித்தலில் ஒரு ரூபாய் தப்பில்லை. அதனால்தான் பலரும் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். 75,000 கட்டினோம், 75,000 கழித்திருக்கிறார்கள், சரிதானே என்று தோன்றும். ஆனால் ஜனவரியில் கழித்திருக்க வேண்டிய பணத்தை ஜூலையில் கழித்திருக்கிறார்கள். அதுவும் கட்டணம், வரி எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்த பிறகு, கடைசி வரியில்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, தவணைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு நிற்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. அசலை 14ஆல் பெருக்கி 1200ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி கிடைக்கும். தவணையில் அந்த வட்டி போக மீதிதான் அசலில் கழியும். முதல் மாதம் ஐந்து லட்சத்துக்கு வட்டி 5,833. 11,634 கட்டினாலும் அசலில் போனது 5,801 தான். 24 தவணைகளில் அவன் கட்டியது 2,79,216 ரூபாய். அசலில் குறைந்ததோ 1,59,595 தான். பாக்கி 3,40,405 நின்றது. இதைக் கேட்டதும் தங்கை, "அப்ப இவ்வளவு நாளும் வட்டிக்கேதான் ஒழைச்சானா அக்கா?" என்றாள். பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அப்படி இருக்கும்போது இடையில் ஒரு தொகையை அசலில் கட்டினால், அன்று முதல் அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. அதுதான் பார்ட் பேமெண்ட். ஏலச்சீட்டில் எடுத்த 75,000த்தைத்தான் அவன் அப்படிக் கட்டினான். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு தவணைக்குப் பிறகு, வருடத்துக்கு ஒருமுறை, பாக்கி அசலில் 25 சதவீதம் வரை கட்டணம் இல்லாமல் பார்ட் பேமெண்ட் செய்யலாம் என்று இருந்தது. 3,40,405இல் 25 சதவீதம் என்றால் 85,101. இவன் கட்டியது அதற்குள்தான். எல்லா நிறுவனத்திலும் இப்படி இருக்காது. சில இடங்களில் பார்ட் பேமெண்டுக்கும் கட்டணம் உண்டு. சில இடங்களில் அனுமதியே கிடையாது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

24வது தவணை கட்டிய மறுநாள், ஜனவரி 6ஆம் தேதி, நிறுவனத்தின் செயலி வழியாகப் பணத்தைப் போட்டிருக்கிறான். அன்று மாலையே, "இந்த 75,000 ரூபாயை அசலில் கழித்து, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்துத் தரவும்" என்று மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறான். புகார் எண் போட்டு ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பணம் அவன் கடன் கணக்கிலேயே, ஆனால் அசலில் சேராமல், அதிகப்படித் தொகையாக ஆறு மாதம் சும்மா கிடந்தது. கடை முதலாளியிடம் பாக்கிக்காகக் கொடுத்த பணத்தை அவர் கல்லாவில் தனியாகப் போட்டுவிட்டு, கணக்கு நோட்டில் எழுதாமல் விட்ட மாதிரி.

ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். முதல் பத்தியில் அவர்கள் போட்ட கணக்கு. இரண்டாவது பத்தியில் ஜனவரி 6ஆம் தேதியே 75,000 கழிந்திருந்தால் வரும் கணக்கு. முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. 3,40,405க்கு மாத வட்டி 3,971. 2,65,405க்கு 3,096. ஒரே மாதத்தில் 875 ரூபாய். அந்த 875உம் அசலில் கழியுமாதலால் அடுத்த மாத வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆறு தவணை முடிவில் இரண்டாவது பத்தியில் பாக்கி அசல் 2,12,661 என்று வந்தது. அவர்கள் கணக்குப்படி 2,93,067இல் 75,000 போனால்கூட 2,18,067. ஆக, ஆறு மாதத்தில் 5,406 ரூபாய் வட்டி அதிகமாகப் போயிருக்கிறது.

இதோடு முடியவில்லை. ஃபோர்குளோசர் கட்டணம் பாக்கி அசலில் 4 சதவீதம் அல்லவா? 2,12,661க்கு 4 சதவீதம் 8,506 தான். அதற்கு ஜி.எஸ்.டி. 1,531. அவர்கள் போட்டதோ 11,723உம் 2,110உம். ஆறு மாதத்துக்கு முன்பே தங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பணத்துக்கும் சேர்த்து, முன்கூட்டிக் கட்டுகிறாய் என்று கட்டணம் போட்டிருக்கிறார்கள்! கட்டணத்திலும் வரியிலுமாக 3,796 ரூபாய் கூடுதல். 15 நாள் வட்டியிலும் 462 கூடுதல். எல்லாம் சேர்த்து 9,664 ரூபாய். ஜூலை 20இல் முடிப்பதாக இருந்தால் 2,24,422 வந்திருக்க வேண்டும்.

பவுன்ஸ் கட்டணம் 500ஐப் பற்றி எனக்கும் அவனுக்கும் ஒரு சின்ன வாதம். "75,000 அவங்க கையில இருக்கறப்ப, நானூறு ரூபா கொறைஞ்சதுக்கு பவுன்ஸ் போட்டிருக்காங்க, அதையும் கேக்கலாமுங்க பெரிம்மா" என்றான். கேட்க நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் நாம் சொல்வது 75,000 அசலில் போயிருக்க வேண்டும் என்பது. அசலில் போயிருந்தால் ஏப்ரல் தவணைக்கு அது உதவியிருக்காது, தவணை பவுன்ஸ்தான் ஆகியிருக்கும். ஒரே பணத்தை இரண்டு விதமாகக் கேட்க முடியாது கண்ணு, அந்த 500 நம்முடையது என்றேன். அவர்களுக்கும் இதே தர்க்கம்தான். முன்பணம் என்று வைத்திருந்தால் ஏப்ரல் தவணையை அதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அசலிலும் கழிக்கவில்லை. இரண்டும் இல்லையென்றால் அது என்ன பணம்? புகாரில் இந்தக் கேள்வியை அப்படியே எழுதினோம்.

ஜூலை 18ஆம் தேதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போனது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ஜனவரி 6ஆம் தேதி பணம் போன வங்கிப் பரிவர்த்தனை எண், அன்று மாலை அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் தந்த புகார் எண், ஒப்பந்தத்தில் பார்ட் பேமெண்ட் பற்றிய பத்தி, என்னுடைய இரண்டு பத்திக் கணக்கின் படம். கேட்டது ஒன்றே ஒன்றுதான். 75,000த்தை ஜனவரி 6 தேதியிட்டு அசலில் கழித்து, புதிய ஃபோர்குளோசர் ஸ்டேட்மெண்ட் தரவும். முப்பது நாளுக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போவோம் என்று கடைசியில் ஒரு வரி. அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம். ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. புகார் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாளிலும் வட்டி ஓடும். அவர்கள் கணக்கில் நாளுக்கு 112 ரூபாய், நம் கணக்கில் நாளுக்கு 82 ரூபாய். ஸ்டேட்மெண்டில் போட்ட தேதி தாண்டினால் அந்தத் தொகை செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். தங்கை பயந்துவிட்டாள். "அவங்க சொன்னதையே கட்டிடலாம் அக்கா" என்றாள். பத்து நாள் காத்திருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள்தான் வட்டி, கேட்பது 9,664 ரூபாய் என்று சொல்லித்தான் அவளை நிறுத்த வேண்டியிருந்தது. கேட்கும் தொகை ஆயிரம் இரண்டாயிரமாக இருந்திருந்தால் கட்டிவிட்டுப் பிறகு கேட்கச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 30 அன்று புதிய ஸ்டேட்மெண்ட் வந்தது. விளக்கமோ வருத்தமோ ஒரு வரி இல்லை. பாக்கி அசல் 2,12,661. என் நோட்டில் இருந்த அதே எண். ஜூலை 31 வரை 26 நாள் வட்டி 2,121, கட்டணம் 8,506, ஜி.எஸ்.டி. 1,531, பவுன்ஸ் 500. மொத்தம் 2,25,319. மறுநாள் காலையிலேயே கட்டினான். கையில் மிச்சம் 24,681.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்கூட்டி முடிப்பது லாபமா? இந்தக் கணக்கில், முடிக்காமல் தொடர்ந்திருந்தால் இன்னும் 20 முழுத் தவணையும் ஒரு சின்னத் தவணையும் இருந்திருக்கும். அதில் வட்டி மட்டும் சுமார் 27,900. முடிக்கும் செலவு, கட்டணமும் வரியும் சேர்த்து 10,037. முடிக்கும்போது கட்டிய 26 நாள் வட்டி 2,121ஐயும் கழித்தால் பதினைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் இது எப்போதும் இப்படி இராது. கடன் முடியும் காலத்தில் தவணையில் வட்டி மிகக் குறைவு. இதே 14 சதவீத வட்டி, வரியோடு சேர்த்து 4.72 சதவீதக் கட்டணம் என்றால், ஏழு தவணை பாக்கி இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதற்குப் பிறகு ஃபோர்குளோசர் செய்தால் மிச்சமாகும் வட்டியைவிடக் கட்டணம்தான் அதிகம். ஆறு மாதம்தான் இருக்கிறது, முடித்துவிடலாமா டீச்சர் என்று கேட்டவருக்கு என் பதில், பேசாமல் தவணையையே கட்டுங்கள்.

நிறைய மாதம் பாக்கி இருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கட்டணமில்லாத பார்ட் பேமெண்ட் இருந்தால் முதலில் அதைச் செய்து, அசலைக் குறைத்துவிட்டு, பிறகு ஃபோர்குளோசர் செய்யலாம். குறைந்த அசலுக்குத்தான் கட்டணம் வரும். ஆனால் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் செய்த பார்ட் பேமெண்டையும் சேர்த்துக் கட்டணம் போடுவோம் என்று சில ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரிசர்வ் வங்கி கட்டணமே கூடாதுன்னு சொல்லிடுச்சாமே?" என்று இரண்டு பேர் கேட்டீர்கள். அது மாறும் வட்டிக் கடன்களுக்கு. தனிநபர் தொழிலுக்கல்லாமல் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் போடக்கூடாது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிகள் 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்குப் பொருந்தும். ஆனால் பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதற்கு ஒப்பந்தத்தில் எழுதியபடி கட்டணம் வாங்கலாம். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் போட முடியாது. க்ளோசிங் ஸ்டேட்மெண்டையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பார்ட் பேமெண்ட் கட்டியவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். அசலில் கழித்தார்கள் என்றால் புதிய தவணை அட்டவணை ஒன்று உருவாகும். கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கும், அல்லது மாதத் தவணை குறைந்திருக்கும். இரண்டும் பழையபடியே இருந்தால் உங்கள் பணம் அசலுக்குப் போகவில்லை. ஒரு மாதம்கூடத் தாமதிக்காமல் கேளுங்கள்.

முடித்த பிறகும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜூலை 31இல் கணக்கு முடிந்தும், ஆகஸ்ட் 5ஆம் தேதி வழக்கம்போல 11,634 அவன் வங்கியிலிருந்து போய்விட்டது. தவணை எடுக்கும் கோரிக்கையைச் சில நாள் முன்பே வங்கிக்கு அனுப்பிவிடுவார்களாம். எட்டு நாளில் திரும்பி வந்தது. சம்பளத்தை நம்பி வாடகை கொடுப்பவனுக்கு எட்டு நாள் சின்ன விஷயமில்லை. தவணைத் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே முடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்கினான், வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்தான், சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். 'செட்டில்டு' என்று வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அது கடனைக் குறைத்துக் கட்டி முடித்தவர்களுக்குப் போடும் வார்த்தை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கடன் கொடுத்த அன்றே ஐந்து லட்சத்திலிருந்து கடனுக்கான காப்பீடு என்று பிரீமியத்தைப் பிடித்திருக்கிறார்கள், ஐந்து வருடத்துக்கும் சேர்த்து. கடன் இரண்டரை வருடத்தில் முடிந்துவிட்டது. க்ளோசிங் ஸ்டேட்மெண்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மீதிக் காலத்துக்கான சரண்டர் தொகை எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு என்.ஓ.சி. நகலோடு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.